மூன்றாம் வரிக்கு மேலே

“விடை உங்களுக்குத் தெரியும்தானே சேர்? அதை எழுதிவிட்டா பிள்ளை பாத்துப் படிச்சிடும். கேள்வியை எழுதி அனுப்பினா அது ஆரிட்டப் போய்க் கேக்கும்?” திருகோணமலை உவர்மலையில் நான் வகுப்பு நடத்தும் வீட்டுப் படலையடியில், மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு தகப்பன், மகளின் திருத்திய கணக்குத் தாளில் நான் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். கொட்பே பக்கம் படகு எஞ்சின் திருத்துகிறவர். “என்னட்ட எஞ்சினைக் கொண்டு வாறவனிட்ட, எங்க பழுதெண்டு நீயே பாரு எண்டு சொல்லி அனுப்பினா அவன் திரும்பி வருவானா?” என்றும் சேர்த்துச் சொன்னார். எஞ்சின் படிக்க வேண்டியதில்லை, பிள்ளை படிக்க வேண்டும் என்று வாய்க்கு வந்த பதிலைச் சொல்லிவிட்டேன். ஆனால் அது வாதத்துக்குத்தான் சரியான பதில். அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. திருத்திய தாளில் ஆசிரியர் எழுதும் கேள்விகளில் பாதி, பிள்ளை வீட்டுக்குப் போய் எதுவும் செய்ய முடியாத கேள்விகள். “ஏன்?” என்று எழுதிவிடுவோம். “கவனம்!” என்று எழுதிவிடுவோம். விடையை மறைத்து வைத்தால் மட்டும் பிள்ளை தானாகச் சிந்தித்துவிடாது.

தரம் 10, 11 பிள்ளைகளின் அட்சரகணிதத் தாள்களைத் திருத்துகிறவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்கத் தேவையில்லை. பிழை தெரிகிறது. கை தானாகவே சரியான குறியைப் போடப் போகிறது. அந்தக் கையை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி. எல்லா வகைக் கணக்கையும் பற்றிப் பேசினால் ஒன்றுமே சொன்னதாகாது. அந்தத் தகப்பனுடைய மகளின் தாளில் இருந்த ஒரே ஒரு சமன்பாட்டை வைத்துக்கொண்டே சொல்லிப் பார்க்கிறேன்.

தாளில் இருந்தது

பின்னங்கள் வரும் எளிய சமன்பாடு. அவள் எழுதியிருந்த வரிகள் இவை:

```
(x + 1)/2 − (x − 3)/3 = 2
3(x + 1) − 2(x − 3) = 2
3x + 3 − 2x − 6 = 2
x − 3 = 2
x = 5
```

எழுத்து சுத்தமாக இருந்தது. சமன் குறிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக நேராக இருந்தன. பொ.ம.சி. 6 என்று, பகுதிகளின் பொது மடங்குகளுட் சிறியதை, ஓரத்தில் சின்னதாக எழுதியும் வைத்திருந்தாள். இந்தச் சின்னக் குறிப்பு முக்கியம். அவளுக்கு முறை தெரியும் என்பதை அது காட்டுகிறது. பிழைகள் இரண்டு. முதல் வரியிலிருந்து இரண்டாம் வரிக்கு வரும்போது இடப்பக்கத்தை 6 ஆல் பெருக்கியவள் வலப்பக்கத்து 2 ஐ அப்படியே விட்டுவிட்டாள். இரண்டாம் வரியிலிருந்து மூன்றாம் வரிக்கு வரும்போது −2 ஆல் x ஐப் பெருக்கினாள், ஆனால் −3 ஐப் பெருக்கும்போது +6 வரவேண்டிய இடத்தில் −6 என்று எழுதிவிட்டாள். இரண்டும் சரியாக வந்திருந்தால் x + 9 = 12, x = 3.

இந்த இரண்டு பிழைகளும் ஒரே இனம் அல்ல. வலப்பக்கத்தைப் பெருக்க மறப்பது, பெருக்குவது என்றால் பகுதிகளை ‘இல்லாமல் ஆக்குவது’ என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருப்பதால் வருவது. வலப்பக்கத்தில் பகுதி இல்லை, அதனால் அங்கே செய்ய வேலையும் இல்லை. அவள் கணக்கில் அது ஒரு நியாயம். அடைப்புக்கு முன்னால் உள்ள கழித்தல் குறி அடைப்புக்குள் இரண்டாவது உறுப்பைச் சேராமல் போவது வேறு விதம். அது சிலருக்கு வெறும் தவறுகை, சிலருக்கு உறுதியான தவறான நம்பிக்கை. தாளை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது, அந்தத் தாளிலேயே இன்னும் இரண்டு மூன்று கணக்குகளைப் பார்த்தால் சொல்லலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது சிவப்புப் பேனை. மூன்றாம் வரியில் −6 ஐ வட்டமிட்டு “குறி!” என்று எழுதுவது எங்கள் ஊர் ஆசிரியர்களின் பழைய வழக்கம், மற்ற ஊர்களிலும் அப்படித்தான் இருக்கும். விடை சொல்லவில்லை, பிழையைக் காட்டிவிட்டோம் என்று திருப்தியாக இருக்கும். ஆனால் குறி இரண்டு வகைதான். − பிழை என்றால் + சரி. பிள்ளை ஒரு விநாடிகூட யோசிக்காமல் −6 ஐ +6 ஆக்கிவிடும். அந்த வட்டமே விடை. அதைவிட மோசம், வட்டம் போடாமல் ஓரத்தில் “குறியைக் கவனி” என்று எழுதுவது. அப்போது பிள்ளை எந்தக் குறி என்று தேடும். 3x க்கு முன்னால் ஒன்றும் இல்லை, +3 இருக்கிறது, −2x இருக்கிறது, −6 இருக்கிறது. ஏதாவது ஒன்றை மாற்றிப் பார்க்கும். −2x ஐ +2x ஆக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அவர்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார்கள், அவ்வளவுதான்.

மற்றப் பக்கம், தகப்பன் கேட்டது போல முழுக் கணக்கையும் பக்கத்தில் எழுதிக் கொடுப்பது. இதை நான் கேலி செய்யமாட்டேன். புதிய பாடம் தொடங்கும்போது செய்து காட்டிய கணக்குத்தான் தேவை. ஆனால் பிள்ளை ஏற்கனவே செய்த கணக்கின் பக்கத்தில் சரியான கணக்கை எழுதினால், பிள்ளை இரண்டையும் ஒப்பிடுவதில்லை. சரியானதை வாசிக்கும், “ஆ, ஓம்” என்று தலையாட்டும், தாளை மடிக்கும். தன்னுடைய இரண்டாம் வரி ஏன் பிழைத்தது என்ற கேள்வி அதற்கு எழும்புவதற்கு இடமே இல்லை. அடுத்த கிழமை வேறு எண்களோடு அதே கணக்கு வரும், அதே வலப்பக்கம் பெருக்கப்படாமல் நிற்கும்.

அவளுடைய 5 ஐ வைத்துக்கொண்டு

நான் அந்தத் தாளில் எழுதியிருந்தது இது: “உன் விடை 5 ஐக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரியிலும் பிரதியிடு. இரு பக்கமும் சமனாகாத முதல் வரி எது?” இதைத்தான் தகப்பன் வாசித்துவிட்டு, இது என்ன தண்டனை என்பது போலக் கேட்டார். அவர் கேட்ட அன்றே மகள் உள்ளே வாங்கில் உட்கார்ந்திருந்தாள். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்யாமல் இங்கேயே செய் என்றேன். தகப்பனும் உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.

நான்காம் வரி: 5 − 3 = 2. சரி. மூன்றாம் வரி: 15 + 3 − 10 − 6. கொஞ்சம் நிதானித்துக் கூட்டினாள். 2. சரி. இரண்டாம் வரி: 3 × 6 = 18, 2 × 2 = 4, 18 − 4 = 14. வலப்பக்கம் 2. பேனையை நிறுத்தினாள். திரும்ப ஒருமுறை செய்தாள். 14தான். “மூண்டாவது வரி வரைக்கும் சரி சேர், ரெண்டாவதுல உடையுது” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 5 மூன்றாம் வரிக்குப் பொருந்துகிறது, இரண்டாம் வரிக்குப் பொருந்தவில்லை என்றால் அந்த இரண்டு வரிகளுக்கும் இடையில்தான் ஏதோ மாறியிருக்க வேண்டும். அந்த இடையில் அவள் செய்த வேலை ஒன்றே ஒன்று, அடைப்பை நீக்கியது. விரல் தானாகவே −2(x − 3) க்குப் போனது. −2 இலிருந்து x க்கு ஒரு அம்பு, −3 க்கு ஒரு அம்பு போட்டாள். இரண்டாவது அம்பில் நின்று “கழித்தலும் கழித்தலும்…” என்று முணுமுணுத்து +6 என்று மாற்றினாள்.

இத்தோடு நின்றிருந்தால் இதை எழுதவந்திருக்கமாட்டேன். அவள் தொடர்ந்து செய்தாள். 3x + 3 − 2x + 6 = 2, x + 9 = 2, x = −7. சந்தோஷமாக நிமிர்ந்து பார்த்தாள். “முதல்ல எழுதியிருக்கிறதை இதுக்கும் செய்” என்றேன். முகம் சுருங்கிப் போனது, ஆனால் செய்தாள். −7 ஐ இரண்டாம் வரியில் போட்டால் 3 × (−6) = −18, 2 × (−10) = −20, −18 இலிருந்து −20 ஐக் கழித்தால் 2. சரி. முதல் வரியில் போட்டால் −6/2 = −3, −10/3 ஐக் கழிப்பது 10/3 ஐக் கூட்டுவது, ஆக 1/3. வலப்பக்கம் 2.

இங்கேதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. உடைந்த இடம் முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் இடையில் என்று அவள் சொல்லுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் அதற்கு மேலும் போனாள். 1/3 என்று எழுதிய இடத்துக்குக் கீழே இரண்டாம் வரியின் இடப்பக்கத்துக்கு வந்த 2 ஐ எழுதினாள். “இந்தப் பக்கம் மூண்டில ஒண்டு ரெண்டாகியிருக்கு சேர். ஆறு மடங்கு. அந்தப் பக்கம் ரெண்டு ரெண்டாவே இருக்கு.” பழைய 5 க்குத் திரும்பிப் போய்ப் பார்த்தாள். முதல் வரியில் 6/2 − 2/3, அதாவது 7/3. இரண்டாம் வரியில் 14. அதுவும் ஆறு மடங்கு. இரண்டு முறையும் இடப்பக்கம் ஆறு மடங்காகியிருக்கிறது, வலப்பக்கம் அசையவில்லை. ஓரத்தில் தானே எழுதிய “பொ.ம.சி. 6” ஐப் பார்த்துச் சிரித்துவிட்டாள். வலப்பக்கத்து 2 ஐ வெட்டி 12 என்று எழுதினாள்.

எந்தச் சிவப்புப் பேனையும் இதைச் செய்யாது. “இரு பக்கத்தையும் பெருக்கு” என்று நான் எத்தனை பேருடைய தாளில் எழுதியிருப்பேன் என்பது தெரியாது. அது ஒரு விதியாகத்தான் அவர்களிடம் போய்ச் சேரும். அவள் கண்டது விதி அல்ல. ஒரு பக்கம் ஆறு மடங்காகி மற்றப் பக்கம் அப்படியே நின்றால் அது பழைய சமன்பாடு அல்ல என்பதைத் தன் கையால் போட்ட எண்களில் கண்டாள். தன்னுடைய பிழையான விடையே அதைக் காட்டியது. பிழையான விடையும் ஒரு உண்மையான சமன்பாட்டுக்குச் சரியான விடைதான். எந்த வரியிலிருந்து அது சரி என்று பார்த்தால் பிழை எங்கே நுழைந்தது என்று தெரிந்துவிடும். மேல்நோக்கிப் பார்க்கும்போது கடைசியாக நுழைந்த பிழை முதலில் சிக்கும். அதைத் திருத்தினால் அதற்கு முந்தையது சிக்கும். இரண்டு பிழை இருக்கும் தாளில் எதை முதலில் சொல்வது என்று நாங்கள் தடுமாறுகிறோம், இந்த வழியில் வரிசை தானாக வந்துவிடுகிறது.

தகப்பன் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். “எல்லாம் சரி சேர், ஒரு கணக்குக்கு இவ்வளவு நேரம் போனா மிச்சத்தை எப்ப செய்யிறது?” என்றார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒரு தாளில் ஒரு கணக்குக்கு மட்டும்தான் இப்படி எழுத முடியும் என்பதை ஒப்புக்கொண்டேன். மற்றவற்றுக்குச் சரி, பிழை போட்டு விட்டுவிடுகிறேன்.

எந்த எண்ணைப் போடச் சொல்வது

மேலே சொன்னது சமன்பாட்டுக்குப் பொருந்தும், ஏனென்றால் அங்கே பிள்ளையிடமே ஒரு விடை இருக்கிறது. கோவையைச் சுருக்கும் கணக்கில் விடை என்று ஒரு எண் வராது. (x + 3)² ஐ x² + 9 என்று விரித்த பிள்ளைக்கு என்ன எழுதுவது? “நடு உறுப்பு எங்கே?” என்று எழுதினால் 6x என்று சொல்லிக்கொடுத்தது போலத்தான். நடு உறுப்பு ஒன்று இருக்கிறது என்பதையே பிள்ளை மறந்திருக்கிறது, அதை நாங்கள் சொல்லிவிட்டோம். இங்கேயும் எண் உதவும். “x க்கு ஓர் எண் போட்டு இரண்டு பக்கமும் ஒன்றா என்று பார்.”

ஆனால் எந்த எண் என்பதைப் பிள்ளையிடம் விடக்கூடாது. பிள்ளைகள் விரும்பிப் போடும் எண்கள் 0, 1, 2. மூன்றுமே பொய்ச்சாட்சி சொல்லக்கூடியவை. (x + 3)² இல் 0 போட்டால் 9, x² + 9 இலும் 9. சரி என்று வந்துவிடும். 2x + 3 = 5x என்று கூட்டிவிடும் பிழை தரம் 7, 8 பிள்ளைகளிடம் நிறைய வரும். அதற்கு 1 போட்டால் இரண்டு பக்கமும் 5. பிழை முழுமையாக ஒளிந்துகொள்ளும். x + x ஐ x² என்று எழுதியவரிடம் 2 போடச் சொன்னால் 4 உம் 4 உம் வரும், பிள்ளை சந்தேகம் தீர்ந்து சந்தோஷமாகப் போகும். நான் பெரும்பாலும் 10 என்று எழுதிக் கொடுக்கிறேன். பெருக்குவது சுலபம், தற்செயலாகச் சமனாகிப் போகும் ஆபத்தும் இந்தப் பிழைகளில் இல்லை. 13 இன் வர்க்கம் 169. 100 + 9 என்றால் 109. இடைவெளி 60. சில பிள்ளைகள் அந்த 60 ஐப் பார்த்து, x க்கு 10 போட்டதால் 6x என்று தாங்களே வருவார்கள். எல்லோரும் வரமாட்டார்கள். வராதவர்களுக்கு (x + 3)(x + 3) என்று பக்கத்தில் எழுதிவிட்டு விடுகிறேன், விரிப்பது அவர்கள் வேலை.

பிரதியிடுவது எதையும் காட்டிக்கொடுக்காத ஒரு இடமும் உண்டு. x² = 5x என்ற சமன்பாட்டை இரு பக்கமும் x ஆல் வகுத்து x = 5 என்று முடிப்பார்கள். 5 ஐ எங்கே போட்டாலும் சரிதான் வரும். இங்கே பிழையான விடை இல்லை, ஒரு விடை காணாமல் போயிருக்கிறது. “x = 0 போட்டுப் பார்” என்றால் விடையையே கொடுத்துவிட்டோம். “இந்த வரியில் எதனால் வகுத்தாய்? அதனால் எப்போதும் வகுக்கலாமா?” என்று எழுதுகிறேன். இது மற்றக் குறிப்புகளைப் போல உறுதியாக வேலை செய்வதில்லை. பூச்சியத்தால் வகுக்க முடியாது என்பது கல்குலேட்டரில் பிழை காட்டும் ஒரு விஷயமாக மட்டும் தெரிந்த பிள்ளைக்கு, x என்ற எழுத்துக்குள் பூச்சியம் ஒளிந்திருக்கலாம் என்பது ஒரு வரிக் குறிப்பில் வராது. அதற்குப் பலகைதான் வேண்டும்.

தவறுகையா, நம்பிக்கையா

அந்தத் தகப்பனுடைய மகளின் தாளில் அடைப்புப் பிழை ஒரு இடத்தில்தான் இருந்தது. அதே தாளில் 7 − 3(x − 2) ஐச் சரியாக விரித்திருந்தாள். ஆகவே அது தவறுகை, அவளுக்கு விதி தெரியும். இப்படிப்பட்ட பிழைக்கு உண்மையில் நீளமான குறிப்பே தேவையில்லை. இரண்டு வரிகளுக்கும் இடையில் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தால் போதும். எந்த வரியிலும் வைக்காமல் இடையில் வைப்பது முக்கியம், ஏனென்றால் பிழை என்பது ஒரு வரியில் இருப்பதல்ல, ஒரு வரியிலிருந்து அடுத்ததுக்குப் போகும் நடையில் இருப்பது. பிள்ளைகளுக்கு இந்த வழக்கத்தை ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு பொட்டைக் கண்டதும் மேல் வரியையும் கீழ் வரியையும் ஒப்பிடுவார்கள்.

இன்னொரு பையன் இருக்கிறான். அவன் தாளில் அடைப்புக்கு முன்னால் கழித்தல் வந்த எல்லா இடத்திலும் இரண்டாவது உறுப்பு கழித்தலாகவே இருந்தது. ஒன்றில்கூடச் சரியில்லை. அவனுக்குப் பொட்டு வைப்பது வீண். அவன் கண்ணுக்கு இரண்டு வரிகளும் ஒன்றுதான். பிரதியிட்டு இந்த இரண்டு வரிகளுக்கு இடையில்தான் உடைகிறது என்று கண்டாலும், எப்படி மாற்றுவது என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்கு x இல்லாத ஒரு கணக்கை எழுதினேன்: “10 − 2(5 − 3) ஐ இரண்டு வழியில் செய். முதலில் அடைப்புக்குள்ளே கழித்துவிட்டு. பிறகு நீ மேலே செய்தது போல அடைப்பை நீக்கி.” முதல் வழியில் 10 − 4 = 6. அவன் வழியில் 10 − 10 − 6 = −6. 6 சரி என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை, ஏனென்றால் அது வெறும் எண் கணிதம். அவன் நம்பிக்கைக்கு எதிராக அவனே நம்பும் ஒன்று வந்து நிற்கிறது. அடுத்த நாள் தாளில் −6 க்குக் கீழே மூன்று முறை கோடு போட்டிருந்தான். பக்கத்தில் “5 ஐ மட்டும் இல்ல, 3 ஐயும் குறைச்சிட்டன், ஆனா 3 ஐ ஏற்கனவே குறைச்சாச்சு” என்று எழுதியிருந்தான். இலக்கணமாக இல்லைதான். ஆனால் குறைவான ஒன்றைக் கழிக்க வேண்டிய இடத்தில் கூடுதலாகக் கழித்துவிட்டேன் என்பதை அவன் சொல்ல முயன்றிருக்கிறான். கழித்தலும் கழித்தலும் கூட்டல் என்று ஒப்பிக்கும் பலருக்கு அது ஏன் என்று சொல்ல வராது.

புள்ளி எழுதுவதா வேண்டாமா

இதையெல்லாம் எழுதிவிட்டு மேலே வலது மூலையில் 12/20 என்று போட்டால் பிள்ளை எதைப் பார்க்கும் என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். பக்கத்து வாங்கில் இருப்பவர் எத்தனை என்று எட்டிப் பார்க்கும், தாள் பைக்குள் போகும். 1988 இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் பள்ளிப் பிள்ளைகளை மூன்று வகையாகப் பிரித்து, சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்குப் புள்ளி மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்கள் புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள், குறிப்பு எழுதியதே இல்லை என்பது போல. அவர் கொடுத்த வேலைகள் அட்சரகணிதம் அல்ல, ஆகவே அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டக்கூடாது. ஆனால் வாங்கில் நான் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது.

புள்ளி இல்லாத தாளைப் பெற்றோர் ஏற்கமாட்டார்கள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் வருடத்தில் நானும் ஏற்கமாட்டேன். இப்போது புள்ளியை என் கொப்பியில் மட்டும் எழுதி வைத்து, குறிப்பில் கேட்டதைச் செய்து பிள்ளை தாளைத் திருப்பித் தந்த பிறகு சொல்கிறேன். இதில் ஒரு தில்லுமுல்லு உடனே முளைத்தது. பிள்ளைகள் புள்ளிக்காக அவசர அவசரமாகப் பக்கத்தில் இருப்பவரின் சரியான கணக்கைக் குறிப்புக்குக் கீழே பார்த்தெழுதிக் கொண்டுவந்தார்கள். அழகாக x = 3. குறிப்பில் கேட்டதைத் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு குறிப்பின் முடிவில் ஒரு சின்னப் பெட்டி வரைகிறேன். “உன் விடையை இரண்டாம் வரியில் போட்டபோது இடப்பக்கம் எவ்வளவு வந்தது?” என்று கேட்டு, அந்தப் பெட்டியில் அந்த எண்ணை மட்டும் எழுதச் சொல்கிறேன். 5 என்று எழுதிய பிள்ளைக்குத்தான் 14 வரும். கணக்கைச் சரியாகச் செய்த பிள்ளையின் தாளில் அங்கே 12 இருக்கும். அதைப் பார்த்தெழுதினால் எனக்குத் தெரிந்துவிடும். பெட்டியில் 14 இருந்தால், கீழே திருத்திய கணக்கு இன்னும் அரைகுறையாக இருந்தாலும் புள்ளியைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி வெறுமையாக இருந்தால் தாள் திரும்பவும் அவர் கைக்கே போகும்.